பட்டியலே இல்லாத இடத்தில் மாதிரிச் சட்டகம்: தெருவோர வியாபாரிகளை முன்வைத்து

கேள்வி: ஒரு நகரத்தின் தெருவோர வியாபாரிகளின் வருமானம், வேலை நேரம், கடன் பற்றி ஆய்வு செய்யப் போகிறோம். அவர்களுடைய முழுப் பட்டியல் யாரிடமும் இல்லை. சங்கத்திடம் 640 பெயர்கள் கொண்ட ஒரு பதிவேடு இருக்கிறது. அதிலிருந்து மாதிரி எடுத்தால் போதுமா? போதாது என்றால், மாதிரி எடுக்க அடிப்படையாக இருக்கும் பட்டியலை, அதாவது சட்டகத்தை, எதிலிருந்து உருவாக்குவது?

பதில்:

பதிவேடு மட்டும் போதாது. சங்கத்தில் பெயர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் கடை போடுபவர்கள். நேற்று வந்தவர், மாலையில் மட்டும் வருபவர், கூடையைச் சுமந்து தெருத்தெருவாகப் போகிறவர் ஆகியோர் அதில் குறைவாகவே இருப்பார்கள். வருமானம், வேலை நேரம், கடன் மூன்றிலுமே இந்த இரு கூட்டத்தாரும் வேறுபடுவார்கள் என்பதால், பதிவேட்டிலிருந்து எத்தனை பேரை எடுத்தாலும் அந்தச் சாய்வு குறையாது. ஆனால் பதிவேட்டைத் தூக்கி எறிய வேண்டாம். அதற்கு வேறு ஒரு நல்ல வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

வியாபாரிகளின் பட்டியல் இல்லை, சரி. ஆனால் தெருக்களின் பட்டியலை உருவாக்க முடியும். நேரத்தின் பட்டியல் கையிலேயே இருக்கிறது: வாரத்துக்கு 7 நாள், நாளுக்கு இத்தனை மணி. வியாபாரி எங்கே போனாலும் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு நேரத்தில் நின்றுதான் விற்க வேண்டும். ஆகவே ஆட்களைப் பட்டியலிடாமல், 'இந்தத் தெரு, இந்த நேரம்' என்ற கட்டங்களைப் பட்டியலிடுங்கள். அதுதான் உங்கள் சட்டகம். கால்நடைகளோடு இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும் மக்களை நீர்நிலைகளில் வைத்துக் கணக்கெடுப்பதும் இதே யோசனைதான். ஆள் நகர்வார், ஆனால் அவர் வந்தாக வேண்டிய இடம் நகராது.

இதில் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் பல கட்டங்களில் இருப்பார். வாரம் முழுக்கக் காலை முதல் இரவு வரை கடை போடுபவர் உங்கள் கையில் அகப்பட நிறைய வாய்ப்பு, வாரத்தில் மூன்று மாலை மட்டும் வருபவருக்குக் குறைவு. இதைச் சரிசெய்யாமல் விட்டால், இத்தனை உழைப்புக்குப் பிறகும் சங்கப் பதிவேட்டின் அதே சாய்வு வேறு வழியாக உள்ளே வந்துவிடும். எனவே சட்டகத்தை உருவாக்குவதும் இந்த வாய்ப்பைக் கணக்கில் எடுப்பதும் பிரிக்க முடியாத ஒரே வேலை. ஒரு கற்பனை நகரத்தை வைத்துப் படிப்படியாகப் போகலாம்.

முதலில் யாரைத் தேடுகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். தள்ளுவண்டி, தரையில் விரித்த சாக்கு, சைக்கிள் கேரியர், தலைச்சுமைக் கூடை எல்லாவற்றையும் இங்கே 'கடை' என்றே சொல்கிறேன். எண்ணும் அலகு கடை. கடைக்கு ஒருவர், அதாவது அதை நடத்துபவர், பதில் சொல்வார். கணவன் காலையிலும் மனைவி மாலையிலும் பார்த்துக்கொள்ளும் வண்டி ஒரே கடை. கட்டடக் கடைக்காரர் தன் சாமான்களை நடைபாதை வரை பரப்பி வைத்திருந்தால் அது சேராது என்று நீங்கள் முடிவு செய்யலாம், சேரும் என்றும் முடிவு செய்யலாம். ஆனால் அந்த முடிவு களத்துக்குப் போவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். தெருவில் நின்று முடிவெடுக்க விட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எண்ணுவார்கள்.

அப்புறம் தெருக்களைத் துண்டாக்க வேண்டும். ஒரு நல்ல வரைபடத்தை அச்சிட்டு, எல்லாத் தெருக்களையும் சந்திப்புக்குச் சந்திப்பு வெட்டுங்கள். ஒரு துண்டு என்பது ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரை, சாலையின் இரு பக்கமும் சேர்த்து. நிதானமாக நடந்தால் சில நிமிடங்களில் முடிகிற நீளம் நல்லது. பேருந்து நிலையம், மருத்துவமனை வாசல், பூங்கா போன்ற திறந்த இடங்களைத் தனித் துண்டுகளாக்கிவிடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண். எல்லைகள் நேரில் போனால் கண்ணுக்குத் தெரிகிறவையாக இருக்க வேண்டும். 'வார்டு எல்லை' என்று வரைபடத்தில் மட்டும் ஓடும் கோட்டைத் தெருவில் யாராலும் பார்க்க முடியாது.

இந்த வேலையில் மிக எளிதாகக் கோட்டை விடுகிற இடம் தெருமுனை. வியாபாரிகள் அதிகம் கூடுவது முனைகளில்தான், துண்டுகள் சந்திப்பதும் முனைகளில்தான். முனையில் நிற்கும் வண்டி எந்தத் துண்டைச் சேர்ந்தது என்ற விதி இல்லாவிட்டால், ஒருவர் அதை விட்டுவிடுவார், இன்னொருவர் இரண்டு முறை எண்ணுவார். எளிய விதி ஒன்று போதும்: சந்திப்பு முழுவதும், அங்கே சேரும் துண்டுகளில் மிகச் சிறிய எண் கொண்ட துண்டுக்குச் சொந்தம். சந்திப்பின் எல்லை எது என்பதையும் (உதாரணமாக, முனையில் உள்ள முதல் கட்டடத்தின் சுவர் வரை) சொல்லிவிடுங்கள்.

நம் கற்பனை நகரத்தில் 420 துண்டுகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ஒரு விரைவுச் சுற்று. இருசக்கர வண்டியில் ஒருவரோ இருவரோ எல்லாத் துண்டுகளையும் ஒருமுறை கடந்து, கண்ணில் பட்ட கடைகளைத் தோராயமாக எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். யாரிடமும் பேச வேண்டாம். இது துல்லியமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, துண்டுகளை அடுக்குகளாகப் பிரிக்க உதவினால் போதும். 60 துண்டுகள் நெரிசலானவை, 140 துண்டுகளில் ஓரிரு கடைகள், 220 துண்டுகளில் ஒன்றுமே இல்லை என்று வருகிறது.

அந்த 220 துண்டுகளை விட்டுவிடலாமே என்று உடனே தோன்றும். விடக் கூடாது. விரைவுச் சுற்று போன நேரத்தில் அங்கே யாரும் இல்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். குடியிருப்புத் தெருக்களில் காலையில் அரை மணி நேரம் வந்து போகிற கூடைக்காரர்கள் இந்த வெற்றுத் துண்டுகளில்தான் இருக்கிறார்கள், அவர்களில் பலர் வேறு எந்தப் பதிவிலும் இல்லாதவர்கள். இந்த அடுக்கிலிருந்து குறைவாக எடுங்கள், ஆனால் எடுங்கள்.

இனி நேரம். பலர் 'காலை 6 முதல் 10 வரை ஒரு வேளை' என்று நான்கு மணி நேரத் தொகுதிகளாகப் பிரிப்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. நான்கு மணி நேரத்தில் ஒரு தள்ளுவண்டி பத்துத் துண்டுகளைக் கடந்துவிடும், அது எத்தனை கட்டங்களில் இருந்தது என்று வண்டிக்காரராலேயே சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, நாளுக்கு நான்கு குறிப்பிட்ட பார்வை நேரங்களை வையுங்கள்: காலை 7.30, பகல் 11, மாலை 4, இரவு 7. வாரத்துக்கு 28 பார்வை நேரங்கள். ஒரு கட்டம் என்பது ஒரு துண்டு, ஒரு பார்வை நேரம். 420 துண்டுகள், 28 நேரங்கள், மொத்தம் 11,760 கட்டங்கள்.

இந்த ஏற்பாட்டின் பலன் என்னவென்றால், ஒரு கணத்தில் ஒரு கடை ஒரே ஒரு துண்டில்தான் இருக்க முடியும். அது எவ்வளவு அலைந்தாலும் சரி. ஆகவே ஒரு கடை வாரத்தில் எத்தனை கட்டங்களில் இருந்தது என்ற சிக்கலான கேள்வி, 28 பார்வை நேரங்களில் எத்தனையில் அது தெருவில் இருந்தது என்ற எளிய கேள்வியாகிவிடுகிறது. எந்தெந்தத் தெருவில் என்று கேட்கவே வேண்டாம். அலைகிற வியாபாரியும் நிலையான வியாபாரியும் ஒரே கணக்குக்குள் வந்துவிடுகிறார்கள்.

ஆனால் தெருவை நடந்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆகுமே, அதற்குள் வண்டி நகராதா? நகரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு துண்டுக்கு இரண்டு பேர். குறித்த நிமிடத்தில் துண்டின் இரு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் உள்நோக்கி நடக்கத் தொடங்கி, நடுவில் சந்திக்க வேண்டும். எதிரே கடந்துபோகும் கடைகளையும் சேர்த்துத் தன் முன்னால் உள்ளவற்றை மட்டும் ஒவ்வொருவரும் எண்ணுவார். தொடக்க நிமிடத்தில் துண்டுக்குள் இருந்த வண்டி வெளியேற வேண்டுமானால் இருவரில் ஒருவரைக் கடந்துதான் போக வேண்டும். பின்னால் புதிதாக நுழைகிற வண்டி எண்ணிக்கையில் சேராது. துண்டைச் சந்திப்புக்குச் சந்திப்பு வெட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நடுவில் சந்து இருந்தால் அந்த வழியே நழுவிவிடுவார்கள்.

கட்டங்களைத் தேர்ந்தெடுப்போம். நெரிசல் அடுக்கில் 60 துண்டுகள், 28 நேரங்கள், 1,680 கட்டங்கள். இதில் 56 எடுக்கிறோம், அதாவது 30-க்கு ஒன்று. ஓரிரு கடைகள் அடுக்கில் 3,920 கட்டங்களில் 56, அதாவது 70-க்கு ஒன்று. வெற்று அடுக்கில் 6,160 கட்டங்களில் 44, அதாவது 140-க்கு ஒன்று. மொத்தம் 156 கட்டங்கள். ஒரு பார்வை நேரத்துக்கு ஐந்தோ ஆறோ துண்டுகள் வரும், துண்டுக்கு இருவர் என்பதால் 12 பேர் தேவை.

தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. கட்டங்களை நேர வரிசையிலும் அதற்குள் துண்டு எண் வரிசையிலும் அடுக்கி, ஒரு சமவாய்ப்புத் தொடக்கத்திலிருந்து 30-க்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு பார்வை நேரத்துக்கும் 60 துண்டுகள். 7-ஆவது கட்டத்தில் தொடங்கினால் அடுத்தது 37, பிறகு அடுத்த நேரத்தின் 7, மறுபடி 37. 56 கட்டங்களும் இரண்டே இரண்டு துண்டுகளில் விழுந்துவிடும்! தாளில் பார்த்தால் முறைப்படியான தேர்வாகத் தெரியும், நடைமுறையில் நகரத்தின் நெரிசலான தெருக்களில் 58 உங்கள் ஆய்வுக்குள்ளேயே வராது. இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பார்வை நேரத்துக்கும் துண்டுகளின் வரிசையைப் புதிதாகக் குலுக்கி, அந்த நேரத்துக்கு உரிய எண்ணிக்கையை எடுங்கள். முதலிரண்டு அடுக்குகளிலும் நேரத்துக்கு இரண்டு துண்டுகள் வரும். வெற்று அடுக்கில் 44 என்பது 28-ஆல் சரியாக வகுபடாது. அங்கே 6,160 கட்டங்களையும் மொத்தமாகக் குலுக்கி 44 எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் ஒரே நேரத்தில் ஓரிரண்டு துண்டுகள் கூடுதலாக வந்து விழக்கூடும், ஆட்களைத் திட்டமிடும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

களத்தில் எண்ணுவது வேறு, பேட்டி எடுப்பது வேறு. முதலில் இருவரும் நடந்து, பார்த்த ஒவ்வொரு கடையையும் ஒரு வரியில் குறிக்க வேண்டும்: எந்த வகைப் பொருள், வண்டியா சாக்கா கூடையா, ஆணா பெண்ணா, நிலையானதா நகர்வதா. பிறகு மறுப்பவர்களும் பிஸியாக இருப்பவர்களும் நிறையப் பேர் வந்தால், அவர்கள் யாரை ஒத்திருக்கிறார்கள் என்று சொல்ல இந்த ஒற்றை வரிதான் உதவும். கூட்டம் மொய்க்கும் கடைக்காரர் பேச மாட்டார், ஈ ஓட்டிக்கொண்டிருப்பவர் பேசுவார். இதைக் கவனிக்காமல் விட்டால் சராசரி வருமானம் குறைவாகத்தான் வரும். பிஸியானவரிடம் அடுத்த மந்தமான நேரத்தைக் கேட்டு மறுபடி போங்கள். நகரும் கடைக்காரரைப் பிறகு தேடிப் பிடிக்க முடியாது, அவரிடம் மட்டும் முக்கியமான கேள்விகளை நடந்துகொண்டே கேட்டுவிட வேண்டும். ஒரு கட்டத்தில் 60 கடைகள் இருந்தால் எல்லாரையும் பேட்டி எடுக்க வேண்டாம். எண்ணிய வரிசையில், ஒரு சமவாய்ப்புத் தொடக்கத்திலிருந்து மூன்றுக்கு ஒன்று என்று எடுக்கலாம், அந்த 3-ஐக் குறித்து வைத்தால் போதும்.

இப்போது எல்லாவற்றையும் தாங்கி நிற்கிற கேள்வி. பேட்டித் தாளில் 7 வரிசை, 4 பத்தி கொண்ட ஒரு அட்டவணை இருக்கட்டும். நேற்றிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொரு நாளாகக் கேளுங்கள்: நேற்றுக் காலை ஏழரைக்கு வியாபாரத்தில் இருந்தீர்களா? பதினொரு மணிக்கு? நான்கு மணிக்கு? ஏழு மணிக்கு? 'வழக்கமாக எப்போது வருவீர்கள்?' என்று கேட்டால் 'தினமும்தான்' என்பார்கள். அது பொய் இல்லை, தன் தொழிலைப் பற்றி யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நாள் நாளாகக் கேட்டால்தான் செவ்வாய்க்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் என்று வராதது நினைவுக்கு வரும். கடந்துபோன 7 நாளைக் கேட்பது, ஆய்வு நடக்கும் வாரத்துக்கு ஒரு பதிலிதான். ஆனால் வாரம் முடியாமல் அந்த வாரத்தைப் பற்றிக் கேட்க முடியாது என்பதால் இதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். தொழிலுக்கு வந்து மூன்றே நாள் ஆனவரை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த 28-இல் 'ஆம்' என்று வந்தவற்றின் கூட்டுத்தொகையை இருப்பு எண்ணிக்கை என்று அழைக்கிறேன். கட்டங்களை 30-க்கு ஒன்று என்று எடுத்தால் கட்ட இடைவெளி 30, கடைகளை மூன்றுக்கு ஒன்று என்று பேட்டி எடுத்தால் பேட்டி இடைவெளி 3. பேட்டி கொடுத்த ஒரு கடை நகரத்தின் எத்தனை கடைகளுக்காக நிற்கிறது என்பதுதான் அதன் எடை.

```
எடை = (கட்ட இடைவெளி × பேட்டி இடைவெளி) / இருப்பு எண்ணிக்கை
```

நெரிசல் தெருவில் அகப்பட்ட ஒருவர் வாரத்தில் 6 நாள், நான்கு நேரமும் கடை போடுகிறார். இருப்பு எண்ணிக்கை 24. கட்ட இடைவெளி 30, எல்லாரையும் பேட்டி எடுத்ததால் பேட்டி இடைவெளி 1. எடை 30/24, அதாவது 1.25. அதே தெருவில் இன்னொருவர் மூன்று நாள் இரவு 7 மணிக்கு மட்டும் இருந்தவர். எடை 30/3, அதாவது 10. வெற்றுத் தெருவில் கண்ட கூடைக்காரர் 7 நாளும் காலை 7.30-க்கு மட்டும் வருபவர். எடை 140/7, அதாவது 20.

இந்த மூன்றாமவர் மறுநாள் காலை நெரிசல் தெருவில் இருந்திருக்கலாம், அங்கே கட்ட இடைவெளி வேறு. அது கணக்கைக் குழப்பாதா? குழப்பாது. அவர் இருந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் அவருடைய ஒரு பங்கு, அதாவது ஏழில் ஒன்று, உரியது என்று எண்ணுங்கள். எந்தக் கட்டம் தேர்வாகிறதோ அந்தக் கட்டத்தின் இடைவெளியோடு அந்தப் பங்கு பெருக்கப்படுகிறது. ஏழு கட்டங்களுக்கும் சேர்த்து எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது தேர்வைப் பலமுறை செய்தால் வரும் சராசரி, சரியாக ஒன்று. அவர் போகிற மற்றத் தெருக்களின் இடைவெளி நமக்குத் தேவையே இல்லை. ஒருவேளை அவர் இரண்டு கட்டங்களில் அகப்பட்டால் இரண்டு பங்குகளையும் கூட்டிவிடுங்கள். மறுபடி பேட்டி வேண்டாம், ஆனால் இரண்டாவது முறை பார்த்ததைக் குறிக்காமல் விடக் கூடாது.

எடை போடுவதால் என்ன மாறிவிடும் என்று பார்க்க, நெரிசல் அடுக்கில் முழு நேரக்காரர்கள் 24 பேரும் மூன்று நாள் இரவுக்காரர்கள் 3 பேரும் அகப்பட்டார்கள் என்று வையுங்கள். தலையை மட்டும் எண்ணினால் 27-இல் 24, கிட்டத்தட்ட 89 சதவீதம் முழு நேரக்காரர்கள். எடையோடு பார்த்தால் முழு நேரக்காரர்கள் 24 × 1.25 = 30, இரவுக்காரர்கள் 3 × 10 = 30. பாதிக்குப் பாதி! 'தெருவோர வியாபாரம் பெரும்பாலும் முழு நேரத் தொழில்' என்று எழுதியிருக்க வேண்டிய அறிக்கை, 'வியாபாரிகளில் பாதிப் பேருக்கு இது பகுதி நேரத் தொழில்' என்று மாறுகிறது. ஒரு சாதாரண இரவில் தெருவைப் பார்த்து இதை யாராலும் ஊகிக்க முடியாது.

இதே எடுத்துக்காட்டு இந்த முறையின் பலவீனத்தையும் காட்டுகிறது. அந்தப் பாதி முழுவதும் 3 பேரின் மேல் நிற்கிறது. எடைகளின் கூட்டுத்தொகையை வர்க்கமாக்கி, எடைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், இந்தப் பேட்டிகள் சம எடையுள்ள எத்தனை பேட்டிக்குச் சமம் என்று தோராயமாகத் தெரியும். இங்கே 60-இன் வர்க்கம் 3,600, வகுக்கும் எண் 337.5, விடை சுமார் 11. 27 பேட்டிகள், 11 பேட்டியின் பலம். களத்துக்குப் போகும் முன் ஒரு சிறிய முன்னோட்டம் நடத்தி எடைகள் எவ்வளவு விரிகின்றன என்று பாருங்கள். இரவுக்காரர்கள் நிறைய என்று தெரிந்தால், இரவு 7 மணிக் கட்டங்களை மட்டும் அதிக விகிதத்தில் எடுக்கலாம். அப்போது அந்தக் கட்டங்களின் இடைவெளி 30-க்குப் பதில் 15 ஆகும், அவ்வளவுதான். முக்கியமாக, ஒரே கட்டத்தில் பேட்டிகளை அதிகமாக்குவதைவிடக் கட்டங்களின் எண்ணிக்கையை அதிகமாக்குவது எப்போதும் மேல். ஒரே தெருவில் ஒரே நேரத்தில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள்.

வெற்று அடுக்கில் இருப்பு எண்ணிக்கை 1 உள்ள ஒருவர் அகப்பட்டால் அவருடைய எடை 140. ஒரே ஆள் முழு முடிவையும் இழுத்துவிடுவார். அவரைக் கழித்துவிட மனம் வரும். கழித்தால், அவரைப் போல அகப்படாமல் போன எல்லாரையும் சேர்த்தே கழித்ததாகும். எடைக்கு ஒரு உச்சவரம்பு வைக்கலாம், ஆனால் வரம்போடும் வரம்பில்லாமலும் இரண்டு முடிவுகளையும் அறிக்கையில் காட்டிவிடுங்கள்.

சட்டகம் நன்றாக வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் சங்கப் பதிவேடு வருகிறது. பேட்டியில் ஒரு கேள்வி: சங்கத்தில் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? பதிலோடு நிற்காமல் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி பொருந்தாது. பதிவில் முழுப் பெயர் இருக்கும், தெருவில் செல்லப் பெயர். சில நேரம் மனைவியின் கடை கணவன் பெயரில் இருக்கும். தொலைபேசி எண், கடை போடும் இடம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

எடையோடு கணக்கிட்டால் கடைகளில் 32 சதவீதம் பதிவேட்டில் இருக்கின்றன என்று வருகிறது. பதிவேட்டில் 640 பெயர்கள். 640-ஐ 0.32-ஆல் வகுத்தால் நகரத்தில் 2,000 கடைகள். ஆனால் உங்கள் எடைகளின் கூட்டுத்தொகை 1,450 என்றுதான் காட்டுகிறது. அப்படியானால் 550 கடைகளைத் தவறவிட்டுவிட்டோமா? அவசரப்பட வேண்டாம், பதிவேடு பழையதாக இருக்கலாம். அதிலிருந்து சமவாய்ப்பில் 60 பெயர்களை எடுத்து ஒவ்வொருவரையும் தேடிப் போய்ப் பாருங்கள். 45 பேர்தான் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள் என்றால், உயிரோட்டமுள்ள பெயர்கள் 640-இல் முக்கால் பங்கு, அதாவது 480. 480-ஐ 0.32-ஆல் வகுத்தால் 1,500. இது 1,450-க்கு அருகில் இருக்கிறது, இரண்டு கணக்குகளும் ஒத்துப்போகின்றன. இது மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டு, மறுபடி வலை வீசி, அடையாளமுள்ளவை எத்தனை என்று பார்க்கும் பழைய முறைதான். டென்மார்க்கின் உயிரியலாளர் பீட்டர்சன் 1890-களிலேயே அப்படி மீன்களுக்கு அடையாளமிட்டார்.

பதிவேட்டை இப்படித் திருத்திய பிறகும், அந்த 1,500-ஓடு ஒப்பிட எடைகளின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக, 1,000 என்று வந்தால் எதையோ தவறவிட்டிருக்கிறீர்கள். எதை என்று கண்டுபிடிக்க, பதிவேட்டிலிருந்து தேடிப் பிடித்த அந்த 45 பேரிடமும் அதே 28 கட்டக் கேள்வியைக் கேளுங்கள். அவர்கள் எந்தத் துண்டில் இருந்திருக்க வேண்டும் என்று தெரியும். அந்தத் துண்டுகள் உங்கள் வரைபடத்தில் இருக்கின்றனவா? சில சமயம் ஒரு புதிய சாலையோ, மேம்பாலத்தின் அடிப்பகுதியோ வரைபடத்திலேயே இருக்காது. அவர்கள் 28 நேரங்களில் ஒன்றில்கூட இல்லாதவர்களா? அப்படியானால் உங்கள் பார்வை நேரங்கள் ஒரு கூட்டத்தை முழுவதுமாக விட்டுவிட்டன. இரவு 9 மணிக்குமேல் மட்டும் கடை விரிப்பவர்கள் ஒரு உதாரணம், விடியற்காலையில் விற்று முடித்து 6 மணிக்குள் கிளம்பிவிடுபவர்கள் இன்னொன்று. எந்தக் கட்டத்திலும் இல்லாதவருக்கு எந்த எடையும் உதவாது. அவர்களுக்காக ஐந்தாவது பார்வை நேரம் ஒன்றைச் சேர்க்க வேண்டும், அல்லது ஆய்வு அவர்களைப் பற்றியது அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

இருப்பு எண்ணிக்கையை மிகைப்படுத்திச் சொல்கிறார்களா என்பதையும் சோதிக்கலாம். இரவு 7 மணிக் கட்டங்களில் அகப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களுடைய எடைகளை இரவு நேர இருப்பை மட்டும் வைத்துப் போடுங்கள். அவர்களில் எத்தனை கடைகள் பகல் 11 மணிக்கும் இருந்ததாகச் சொல்கிறார்கள் என்று நாளுக்குச் சராசரியாகக் கணக்கிடுங்கள். பகல் 11 மணிக் கட்டங்களில் நீங்கள் நேரடியாக எண்ணியதிலிருந்து கிடைக்கும் மொத்தத்தைவிட அது அதிகமாக இருக்கக் கூடாது, ஏனெனில் பகலில் மட்டும் வருபவர்களும் அந்த மொத்தத்தில் இருக்கிறார்கள். மாதிரிப் பிழையைத் தாண்டி அது அதிகமாக வந்தால், சொன்ன இருப்பு உண்மையான இருப்பைவிடக் கூடுதல். இருப்பு கூடினால் எடை குறையும், மொத்தம் சுருங்கும்.

ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டும் சங்கிலி முறையை ஏன் பயன்படுத்தக் கூடாது என்று சிலர் கேட்பார்கள். சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் 1997-இல் அந்த முறைக்கு ஒரு முறையான வடிவம் கொடுத்தார், போதை ஊசி பயன்படுத்துவோர் போன்ற மறைந்து வாழும் மக்களுக்காக. அங்கே அது தேவை. தெருவோர வியாபாரியோ கண்ணில் பட்டால்தான் பிழைக்க முடியும். கண்ணில் படுபவரைக் கண்ணால் எண்ணுவதே எளிது. மேலும், கைகாட்டும் சங்கிலி பெரும்பாலும் ஒரே பொருள் விற்பவர்களுக்குள்ளும் ஒரே சந்தைக்குள்ளும் சுற்றி வரும், தனியாகத் திரியும் கூடைக்காரரை அது கடைசிவரை எட்டாமலே போகலாம்.

கடைசியாக, களத்தைப் பற்றிச் சில விஷயங்கள். கையில் நோட்டுடன் இரண்டு பேர் இரு முனையிலிருந்தும் நடந்து வந்தால், கடையை அகற்ற வருகிறார்கள் என்று நினைத்துச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுவார்கள். நிலையற்றவர்கள்தான் முதலில் ஓடுவார்கள், அதாவது நமக்கு மிகவும் தேவைப்படுபவர்கள். சங்கத்திடமும் அந்தப் பகுதியின் மூத்த வியாபாரிகளிடமும் ஆய்வு நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே பொதுவாகச் சொல்லிவையுங்கள். எந்த நாள், எந்தத் தெரு என்று மட்டும் சொல்ல வேண்டாம். எண்ணும்போது சீருடை, பெரிய பலகை, புகைப்படம் எதுவும் வேண்டாம், ஒரு சிறிய தாள் போதும். அன்று அகற்றும் நடவடிக்கை நடந்திருந்தாலோ கனமழை பெய்தாலோ அந்தக் கட்டத்தை வேறு நாளுக்கு மாற்றாதீர்கள். பூஜ்யம் என்று வந்தால் பூஜ்யத்தையும் காரணத்தையும் எழுதுங்கள். வசதியான நாளுக்கு மாற்றத் தொடங்கினால் 30-க்கு ஒன்று என்ற எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். அந்த வாரம் முழுதுமே இயல்பாக இல்லை என்றால், வேறொரு வாரத்தில் எல்லாவற்றையும் புதிதாகத் தேர்ந்தெடுத்துச் செய்வதுதான் நேர்மை. எப்படியும் உங்கள் முடிவு அந்த வாரத்துக்கு உரியது. பண்டிகைக் காலத்தில் மட்டும் தெருவுக்கு வருபவர்களும் வேண்டுமானால் ஆண்டில் இரண்டு மூன்று வாரங்களில் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இப்படி உருவாகும் தாள்களில் யார், எங்கே, எந்த நேரத்தில் கடை போடுகிறார் என்பது முழுவதும் இருக்கும். அகற்ற நினைப்பவர் கைக்கு அது போனால், நம்மை நம்பிப் பேசியவர்களுக்கே தீங்காகும். பதிவேட்டோடு ஒப்பிட்டு முடித்ததும் பெயர், தொலைபேசி எண், துண்டு எண் மூன்றையும் பேட்டித் தரவிலிருந்து பிரித்து அழித்துவிடுங்கள். பகுப்பாய்வுக்கு அடுக்கின் பெயர், எடை, எந்தக் கட்டத்தில் எடுத்த பேட்டி என்பதைக் காட்டும் குலுக்கிய குறியீடு மூன்றும் போதும். யார் கேட்டாலும் துண்டு வாரியான எண்ணிக்கையைக் கொடுக்க மாட்டோம் என்பதற்கான ஒப்புதலை ஆய்வுக்குப் பணம் தருபவர்களிடம் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.